சொல்லில் கட்டிய முன்னறை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் வேலையை விளங்கப்படுத்துவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் வியர்த்துவிடும். "புள்ள கொம்பியூட்டர்ல படம் செய்யிற" என்பார் என் தாய். "ஆர்ர படம்?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரி புருவத்தைத் தூக்குவார். "ஆள்ர படமில்ல, வீட்டுப் படம்" என்று தாய் அவசரமாகத் திருத்துவார். அதன் பிறகு பேச்சு தட்டிலிருக்கும் வட்டிலப்ப இனிப்புக்குப் போய்விடும். சம்பந்தமும் அதோடு போய்விடும்.

உண்மையில் நான் படம் செய்கிறவள் என்பதைவிடப் படத்தைச் சொல்லாக்குகிறவள் என்பதுதான் சரி. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் போனில் ஒரு படத்தோடு படியேறி வருவார்கள். பெரும்பாலும் அது கட்டாரில் யாரோ ஒரு முதலாளியின் வரவேற்பறையாக இருக்கும். அங்கே வேலை செய்யும் மகனோ மருமகனோ எடுத்து அனுப்பியது. "எங்கட ஹோலும் இப்பிடி வரணும்" என்பார்கள். அந்தப் படத்தை அப்படியே படம் வரைகிற ஏஐயிடம் கொடுத்தால், அது முதலாளியின் தொங்குவிளக்கையும் தங்கமுலாம் கால் வைத்த சோபாவையும் தூக்கிக்கொண்டு வந்து இவர்களுடைய சின்ன ஹோலுக்குள் திணிக்கும். ஆகவே நான் முதலில் படத்தைப் பார்த்து எழுதுவேன். தரை என்ன பொருள், எவ்வளவு மினுங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து எந்த உயரத்தில் வருகிறது, கமெரா எங்கே நின்றது, சட்டத்துக்குள் எது நடுவில் இருக்கிறது, எது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. இதைத்தான் ப்ரொம்ப்ட் என்கிறோம். நான் எழுதுவது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் சொல்கிறேன்.

எழுதி முடிந்ததும் மூலப்படத்தை ஒளித்துவைத்துவிட்டு, சொற்களை மட்டும் ஏஐக்குக் கொடுப்பேன். வந்த படம் மூலப்படத்தைப் போல இருந்தால் என் எழுத்து சரி. இல்லாவிட்டால் எந்தச் சொல் பொய் சொன்னது என்று தேடி, அந்த ஒன்றை மட்டும் மாற்றித் திரும்பக் கொடுப்பேன். ஒரே நேரத்தில் நாலு சொல்லை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. "அழகான", "ஆடம்பரமான" என்ற சொற்களை நான் தொடுவதேயில்லை. அந்தச் சொற்களுக்கு ஏஐ கொடுப்பது உலகத்தில் எல்லா ஹோட்டலுக்கும் பொதுவான ஒரு வரவேற்பறைதான். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அன்றைக்கு நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து கடைத்தெரு திரும்பத் திறக்கிற நேரம், ஒருவர் படியேறி வந்தார். ஓட்டோ உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். கையில் போன் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்னப் படம் இருந்தது. பழைய ரோல் கமெராவில் எடுத்து அச்சடித்தது.

"தங்கச்சி, இந்த அறை எனக்கு வேணும்" என்றார்.

"எந்த டைல்ஸ் போடப் போறீங்க காக்கா?" என்றேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.

"டைல்ஸில்ல. அறைதான் வேணும். இதே அறை."

படத்தில் ஒரு வீட்டின் முன்னறை இருந்தது. ஓரங்கள் சுருண்டு, நிறம் மஞ்சளுக்கு இறங்கி, கீழ்ப்பகுதி இருண்டுபோயிருந்தது. கடற்கரையோரத்தில் அவர்களுடைய வீடு என்றார். சுனாமியில் கடல் வந்தபோது வீடும் போனது, அவருடைய தாயும் போனார். இந்த ஒரு படம் கட்டாரில் இருந்த சாச்சாவிடம், தகப்பனின் தம்பியிடம், தப்பியிருந்தது. வீட்டு வேலை முடிந்ததைக் காட்டுவதற்காக முன்பு அவருக்கு அனுப்பியதாம்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய வாப்பாவுக்கு நினைவு தவறிக்கொண்டு வருகிறது. மகனைத் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. காலமே தேத்தண்ணி குடித்தவுடன் எழும்பி, "வீட்ட போவம்" என்று செருப்பைத் தேடுகிறார். கண் கொஞ்சம் அசந்தால் கடற்கரைக்குப் போய்விடுகிறார். வீடிருந்த இடத்தில் இப்போது மணலும் இழுத்துவிட்ட தோணிகளும்தான். வீட்டைக் காணவில்லை என்றதும் இன்னும் அப்பால் இருக்கும் என்று நினைத்து முன்னே நடக்கிறார். முன்னே இருப்பது கடல். கடைசித் தடவை வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்ப் பிடித்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

"அடுத்த முறை ஆரும் நிக்க மாட்டாங்க" என்றார். "பூட்டி வெக்க மனம் வருதில்ல. நற்பிட்டிமுனைப் பக்கம் வயலோரத்தில புதுசா வீடு கட்டிறன். முன்னறைய இதுபோலக் கட்டினா, வீட்ட வந்திட்டன் எண்டு இரிப்பாரெண்டு நினைக்கன். வீடு கட்டுற மேசன் பாஸ் இந்தப் படத்தப் பாத்து ஒண்டும் விளங்கல்ல எண்டுறாரு."

எனக்கு இப்படியான வேலைகளில் பயம் உண்டு. சோபா பிழையானால் சோபாதான் பிழையாகும். இது பிழையானால் ஒரு மனிதர் தண்ணீருக்குள் போவார். ஏலாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அந்தப் பிளாஸ்டிக் உறையை என் மேசையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றார். "வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

முதலில் சோம்பேறித்தனமாக ஒரு வழி பார்த்தேன். படத்தை ஸ்கான் செய்து நேரே ஏஐயிடம் கொடுத்து, தெளிவாக்கு என்றேன். அது மங்கலைப் பளிங்காக்கியது, சுருண்ட விளிம்பைத் திரைச்சீலையாக்கியது, பூஞ்சணம் பிடித்த புள்ளிகளைச் சுவரில் பூவேலை ஆக்கியது. தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோல நிரப்புவதுதான் அதன் குணம். பெண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். ஆகவே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிவப்புச் சீமெந்துத் தரை. "பொலிஷ் பண்ணிய சிவப்புத் தரை" என்று எழுதினேன். ஏஐ கண்ணாடிபோல மினுங்கும் மாபிள் போட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "சாயம் கலந்த சீமெந்து, மேசன் கரண்டியின் அரைவட்டத் தடங்கள் தெரிகின்றன, நடக்கிற பாதையில் மட்டும் மெல்லிய மினுக்கம், ஓரங்களில் மங்கல், இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு ஒரு மயிர்க்கோடு வெடிப்பு" என்று எழுதினேன். தரை வந்தது. சுவர் கீழ்ப்பாதி நீர்த்த பச்சை, மேல்பாதி சுண்ணாம்பு வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் கையால் இழுத்த ஒரு கடும்பச்சைக் கோடு. "கோடு" என்றால் ஏஐ அடிமட்டம் வைத்து இழுத்தது. "கை நடுங்கிய கோடு" என்றதும் சரியாயிற்று. பிரம்புக் கதிரை ஒன்று, வெறுமையாக, சட்டத்தின் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம். அதன் முன்னால் பாய். பின்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஆயத்து, குர்ஆன் வசனம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு எழுத்துத் தெரியவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் கேட்டேன், அவருக்கும் ஞாபகமில்லை. ஏஐ அரபு எழுத்தைக் கிறுக்கிவைக்கும், அந்தப் பாவத்தை நான் சுமக்கமாட்டேன் என்பதால், "வெளிச்சம் பட்டு வெளுத்த கண்ணாடி" என்று மட்டும் எழுதினேன்.

வெளிச்சம் கமெராவின் பின்னாலிருந்து வந்தது. கதிரையின் பின்னால் அதன் நிழல் நீண்டு கிடந்ததால் சூரியன் தாழ்வாக இருந்திருக்கிறது. எங்கள் கரையில் கடல் கிழக்கே. கடலைப் பார்த்த வாசல் என்றால் அது காலை வெயில். படமெடுத்தவர் வாசலில் நின்று உள்ளே பார்த்து எடுத்திருக்கிறார். இதை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு அறையின் காலையை மூன்று வரியில் பிடித்துவிட்டேன் என்று பெருமையும் வந்தது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு கரும்பட்டை. அவரிடம் போனில் கேட்டேன். "அது தண்ணி பட்ட கறை தங்கச்சி. அத எடுத்திடுங்க" என்றார். எடுத்தேன். கறையில்லாத படம் வந்தது. பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். அவர் என்னையும் வரச்சொன்னார். மேசனுக்குக் கொடுக்கமுன் வாப்பாவிடம் காட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

போனேன். வாப்பாவாகிய அந்தப் பெரியவர் நெடிய மனிதர். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, முகத்தில் ஒரு மரியாதையான குழப்பம். படத்தை மடியில் வைத்து நேரமெடுத்துப் பார்த்தார். விரலால் தரையைத் தடவினார். கதிரையைத் தடவினார்.

"நல்ல வீடு" என்றார் மகனிடம். "ஆர்ர வீடு?"

"நம்மட வீடு வாப்பா."

"இல்ல மகன்" என்றார், என் முன்னால் மகனை வெட்கப்படுத்தக்கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில். "இதில ஆருமில்ல." பிறகு எழும்பிச் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஓட்டோவில் திரும்பி வரும்போது முழுக்க அந்தப் படத்தோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். தரை சரி, சுவர் சரி, வெளிச்சம் சரி, கதிரை சரி. கதிரையில் ஆளில்லை என்றால் மூலப்படத்திலும் ஆளில்லையே. அவர் எதைத் தேடினார்?

மேசைக்கு வந்து மூலப்படத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த வேலையில் முதல் விதி, கண் பார்த்ததை எழுத வேண்டும், காது கேட்டதை எழுதக்கூடாது என்பது. கறை என்று அவர் சொன்னதும் நான் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். இப்போது பார்த்தேன். கறை என்பது கடதாசிமேல் இருப்பது. அதற்குத் தரையும் தெரியாது, பாயும் தெரியாது; எல்லாவற்றின்மேலும் ஒரேயடியாகப் பரவும். இந்தக் கருமை அப்படி இல்லை. பாயின் விளிம்பில் ஒரு சிறு படி ஏறியது. கதிரையின் முன்காலை அடைந்ததும் வளைந்து காலோடு மேலே நிமிர்ந்தது. தரையின் வெடிப்பு அந்தக் கருமைக்குள்ளும் அறுபடாமல் ஓடியது. அது கடதாசிமேல் இல்லை, அறைக்குள் இருந்தது.

அது நிழல். வாசலில் நின்று படமெடுத்தவரின் நிழல்.

பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கீழே கடைக்குப் போய், தேவையில்லாமல் சீமெந்து விலை கேட்டுக்கொண்டிருந்த ஒருவரோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தேன். பிறகு எழுதினேன். தலைப்பகுதி வட்டமாக இல்லாமல் தோளோடு சேர்ந்து ஒழுகி இறங்கியது. அது தலையில் போட்ட துணி. இரண்டு பக்கமும் முழங்கை விரிந்து முக்கோணமாக நின்றது; கமெராவைக் கண்ணில் வைத்துப் பிடித்த கை. கமெராவின் உயரத்தையும் கணக்குப் பார்த்தேன். பச்சைக் கோடும் தரையோரமும் தூரத்தில் போய்ச் சந்திக்கிற இடம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் கமெரா நின்ற உயரம். அது கதிரையின் முதுகுக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. அந்த நெடிய மனிதர் இதை எடுத்திருக்க முடியாது. என்னைப்போல ஒரு கட்டைப் பெண்தான் எடுத்திருக்கிறாள்.

மகனை உடனே கூப்பிடவில்லை. முதலில் படத்தைச் சரியாக்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். அங்கேதான் வேலை கையை மீறத் தொடங்கியது. "கமெராப் பக்கமிருந்து, தலைத்துணி போட்ட ஒரு பெண்ணின் நிழல் தரையில் விழுகிறது" என்று எழுதினேன். அறைக்குள் ஒரு பெண் வந்து நின்றாள். கதிரைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. நிழல் என்றால் அதை விழுத்த ஓர் உடம்பு வேண்டும் என்பது ஏஐயின் நினைப்பு. நான் கொடுக்காத உடம்பை அது கொடுத்தது. "அறைக்குள் பெண் இல்லை" என்று சேர்த்தேன். இப்போது அவள் திரும்பி நின்றாள். "யாரும் இல்லை, பெண் இல்லை, முகம் இல்லை" என்று எழுதினேன். முகத்தோடு வந்தாள். இல்லை என்று எழுதினாலும் பெயர் சொன்னதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரிந்த சங்கதிதான். கட்டார் ஹோலில் "பூச்சாடி வேண்டாம்" என்று எழுதி, பூச்சாடியாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஆனால் பூச்சாடி யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு பெண், வேறொரு முகம். எல்லோரும் அதே இடத்தில், அதே சிவப்புத் தரையில், என்னைப் பார்த்துக்கொண்டு. நான் பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு அடுத்த சொல்லை யோசித்தேன்.

அந்த நேரம் பார்த்து மகன் படியேறி வந்துவிட்டார். வாப்பா அன்றைக்கும் கடற்கரைக்குப் போய்விட்டாராம். அவரைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். திரையை நான் மறைப்பதற்குள் கண்டுவிட்டார்.

"இது ஆரு?"

"ஆருமில்ல காக்கா. மெஷின் பிழையா போட்டது."

அவர் நகரவில்லை. அந்தக் கறை நிழல் என்பதை, அது வாப்பாவின் நிழல் இல்லை, ஒரு பெண்ணின் நிழல் என்பதை, மூலப்படத்தை எடுத்துக் கதிரைக் காலில் விரலை வைத்துச் சொன்னேன். அவர் என் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உம்மா எடுத்ததா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு, "எங்கட வீட்டில உருவப்படம் வெக்கிறல்ல. பொம்பிளைகளப் படமெடுக்க வாப்பா விடவே மாட்டாரு. உம்மாட படம் ஒண்டு இந்தத் துனியாவில இல்ல" என்றார்.

திரையில் நின்ற பெண்ணைக் காட்டி, "கொஞ்சம் பெருசாக்குங்களேன்" என்றார்.

"வேணாம் காக்கா. இது உங்கட உம்மா இல்ல."

"இத்தன வருஷத்தில உம்மாட முகம் எனக்கு மறந்து போச்சு தங்கச்சி. இது இல்லெண்டு சொல்லவும் எனக்கு ஏலாது."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆயிரம் பெண்களின் முகத்தை அரைத்துச் செய்த மாவு அது. அதை வைத்துக்கொண்டு ஒரு மகன் தாயென்று அழுதால் அந்த அழுகையும் பொய்யாகிவிடும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் அழித்தேன். அவர் தடுக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் சொல்கிறேன், அழித்தது சரிதான்.

பிறகு அவருக்கு முன்னாலேயே எழுதினேன். பெண் என்ற சொல்லையும் நிழல் என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். "கீழ் விளிம்பிலிருந்து தரையில் நுழையும் நீண்ட இருண்ட வடிவம், இரு பக்கமும் முக்கோணமாக விரிந்து, மேலே சரிந்து குறுகி முடிகிறது, அடியில் கூர்மையான விளிம்பு, போகப்போக மென்மை, வெடிப்பு அதனூடாகத் தெரிகிறது, கதிரையின் முன்காலில் ஏறுகிறது." அறை வெறுமையாக வந்தது. தரையில் அவர் தாய் கிடந்தார். மகன் எழும்பி நின்று பார்த்தார்.

"இதில உருவமில்லையே?" என்றார், என்னிடம் மார்க்கத் தீர்ப்பு, பத்வா, கேட்பதுபோல.

"இல்ல காக்கா. வெயில் படாத இடம், அவ்வளவுதான்."

அந்தப் படத்தை வாப்பாவின் மடியில் வைத்ததைப் போனில் சொன்னார். பெரியவர் எதுவும் கேட்கவில்லையாம். உள்ளங்கையை அந்த இருட்டின்மேல் வைத்தபடி காலை முழுக்க இருந்தாராம். செருப்பைத் தேடவில்லை.

வீட்டு வேலை தொடங்கியது. மேசன் பாஸ் ரோட்டுப் பக்கம் வாசல் வைக்கத்தான் அத்திவாரம் போட்டிருந்தார். ரோடு மேற்கில். நான் ப்ரொம்ப்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். "வெளிச்சம் கமெராவுக்குப் பின்னால இருந்து வரணும், காலையில. வாசல் கிழக்கத்தான் பாக்கணும்." கிழக்கே வெறும் வயல். வருகிறவர்கள் வீட்டைச் சுற்றி வரப்பால் வந்து ஏற வேண்டும். "வாசலுக்கு ஆரு வாறது, கொக்கா?" என்று பாஸ் சிரித்தார். மகன் என்னைப் பார்த்தார், பிறகு பாஸிடம் "தங்கச்சி சொல்றதுபோலச் செய்யிங்க" என்றார். கரண்டித் தடம் தெரிய வேண்டும் என்றபோது அந்த மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது. தன் பேரைக் கெடுக்கிற வேலை என்றார். சட்டத்துக்கு வெளியே இருந்த சுவர்களைப் பற்றிப் படம் எதுவும் சொல்லவில்லை. ஏஐ சொன்னதை நான் நம்பவில்லை. அவற்றை மகன் தன் நினைவிலிருந்து சொன்னார். சில இடங்களில் அவருக்கும் தெரியவில்லை. அங்கே சுண்ணாம்பு மட்டும் அடித்தோம்.

குடிபுகுந்த அடுத்த வாரம் மகன் எனக்குப் போன் எடுத்தார். குரல் செத்துப்போயிருந்தது.

"சரிவரல்ல தங்கச்சி. அறைக்குள்ள வாறாரு. ஆனா இரிக்கிறாரில்ல. கதிரையைப் பாத்துக்கிட்டு இடப்பக்கச் சுவரோட ஒட்டி நிக்கிறாரு. இரிங்க வாப்பா எண்டா 'பொறு மகன்' எண்டுறாரு. கால் நடுங்கும்வரைக்கும் நிண்டுட்டு, பிறகு வாசலால இறங்கி வரப்பில நடக்கிறாரு. கிழக்க. நேத்து ரெண்டு வயல் தாண்டிட்டாரு."

கிழக்கே நடந்தால் கடைசியில் எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியும். என் பிடிவாதத்தால் வாசல் கிழக்கே திறந்திருந்தது. ஏதாவது ஒரு சொல் பிழையாயிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. படத்தையும் அறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மறுநாள் காலையிலேயே போனேன்.

வரப்பால் சுற்றி வந்து வாசலில் நின்றேன். பயந்தபடி எதுவும் பிழையாகியிருக்கவில்லை. வயலுக்கு மேலால் ஏறிய வெயில் என் முதுகில் சுட்டது. சிவப்புத் தரை, பாய், நடுங்கிய பச்சைக் கோடு, வெறுமையான கதிரை. பெரியவர் இடப்பக்கச் சுவரோடு முதுகை ஒட்டி, சாரனின் ஓரத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி, எதன் வழியிலும் வந்துவிடாமல் நிற்பதுபோல நின்றார். மகன் அவருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். பெரியவர் அசையவில்லை.

நான் வேலையைப் பார்த்தேன். மூலப்படத்தோடு ஒப்பிட அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு படம் வேண்டும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படியின் நடுவில் நின்று, இரண்டு கையாலும் போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கினேன். குனியவோ எக்கவோ தேவைப்படவில்லை. திரையில் கதிரை நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் வந்தது. பெரியவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். கீழ் விளிம்பிலிருந்து தரையில் என் நிழல் நுழைந்து, இரண்டு முழங்கையும் விரிய, பாயில் ஒரு படி ஏறிக் கதிரைக் காலில் நிமிர்ந்தது.

படத்தை எடுத்தேன். போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

"எடுத்திட்டியா புள்ள?" என்று சுவர்ப் பக்கமிருந்து பெரியவர் கேட்டார். குரலில் குழப்பம் இல்லை. நெடுநேரம் ஒதுங்கி நின்ற ஒருவரின் சின்னச் சலிப்பும், அந்தச் சலிப்புக்குள் ஒரு செல்லமும் இருந்தது. "இனி நான் இரிக்கலாமா?"

தன் உருவம் மனைவி எடுத்த படத்தில் விழக்கூடாது என்று, தன் கதிரையை விட்டு எழும்பி ஓரத்தில் நின்றிருக்கிறார். அன்றைக்கு எழும்பியவரை இன்னும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இறந்து மௌத்தான ஒருத்தியின் இடத்தில் நின்று பதில் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். மகனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய வாய் சத்தமில்லாமல் ஒரு சொல்லைச் சொன்னது.

"ஓம், எடுத்தாச்சு" என்றேன். "இரிங்க."

பெரியவர் சுவரை விட்டு வந்தார். நிழலை மிதிக்காமல் அதன் ஓரமாகச் சுற்றி நடந்து, கதிரையின் கையைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தார். காலை நீட்டினார். அந்த நிழலின் தலை அவர் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மருமகள் தேத்தண்ணி கொண்டுவர, வாங்கிக் குடித்தார்.

நான் போனை இறக்கவில்லை. கை வலித்தது, முதுகில் வெயில் ஏறியது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் குடித்து முடிக்கும்வரை நான் அசையாமல் அந்த வாசலில் நின்றேன். அசைந்தால் அவள் போய்விடுவாள்.